அன்று எழுதிய தாள்: பழைய ஆண்டின் மதிப்பீட்டைத் திறக்கும் முன் பதிவாகும் காரணங்களும் நகல் கேட்கும் உரிமையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வருமான வரிச் சட்டத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். நான் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன மதிப்பீட்டை மறுபடி திறப்பதாக 148-ஆம் பிரிவில் நோட்டீஸ் வருகிறது. அதற்குப் பதிலாக, "எதற்காகத் திறக்கிறீர்கள், எழுதி வைத்திருக்கும் காரணத்தின் நகலைக் கொடுங்கள்" என்று வரி கட்டுபவர் கேட்கும் கடிதம் அது. பெரும்பாலான அலுவலகங்களில் இதைப் பழைய கடிதத்தில் பெயரையும் ஆண்டையும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பல நேரங்களில் இந்தக் கடிதமே என்பது என் கட்சி. காரணத்தின் நகலை மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. அந்தக் காரணம் எந்த ஆவணத்தின் மேல் சாய்ந்து நிற்கிறதோ அதுவும், முதல் மதிப்பீட்டின் பழைய கோப்பும் கைக்கு வந்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் காரணம் நிற்குமா விழுமா என்று தெரியும்.

1. காரணத்தை ஏன் எழுதச் சொன்னார்கள்

முடிந்த கணக்கைத் திறக்கும் அதிகாரம் பெரிய அதிகாரம். அதற்குச் சட்டம் போட்ட தாழ்ப்பாள், அலுவலர் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே தன் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதுதான். 2021 மார்ச் வரை நடப்பிலிருந்த 148-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு அதைத்தான் சொன்னது. வருமானம் வரிக்குத் தப்பியது என்று அலுவலர் நம்பினார் என்பதற்கு, நம்பிய நாளில் எழுதிய அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. பிறகு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பதில் மனுவில் எவ்வளவு அழகாக விளக்கினாலும் அது அந்தத் தாளில் ஏறாது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2004-இல் இந்துஸ்தான் லீவர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: காரணத்தை எழுதியபடியேதான் படிக்க வேண்டும், எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது.

ஆனால் எழுதச் சொன்ன சட்டம், எழுதியதைக் காட்டச் சொல்லவில்லை. 1966-இல் நாராயணப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், காரணங்களை வரி கட்டுபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றே சொல்லிவிட்டது. அதனால் தாளைப் பார்க்க அன்று ஒரே வழி, நோட்டீஸை எதிர்த்து நீதிமன்றம் போவதுதான்.

அப்படிப் போனபோது என்ன வெளிப்பட்டது என்பதற்கு 1971-இல் தீர்ப்பான சுக்மல் ராஜ்பால் வழக்கு நல்ல சாட்சி. நோட்டீஸ் தொடர்பான கோப்பைக் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றமே துறைக்கு உத்தரவிட்டது. கோப்பில் இருந்தது இவ்வளவுதான்: சிலர் பெயருக்குக் கடன் கொடுத்தவர்கள், அந்தப் பரிவர்த்தனைகள் போலி என்று ஆணையரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது, ஆகவே முறையான விசாரணை தேவை. விசாரணை தேவை என்பது ஐயம். வருமானம் தப்பியது என்ற நம்பிக்கை ஆகாது. அதன் கீழே, நோட்டீஸ் அனுப்பத் தகுந்த வழக்குதானா என்ற கேள்விக்கு ஆணையர் "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நோட்டீஸ் ரத்தானது. நீதிமன்றம் கேட்காவிட்டால் அந்தத் தாள் வெளியே வந்தே இருக்காது.

2. 2002 நவம்பர் 25

ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் வழக்கின் தீர்ப்பு ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல்தான் இருக்கும். அந்தச் சில வரிகளில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையையே வகுத்துக் கொடுத்தது. நோட்டீஸ் வந்தால் முதலில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். விரும்பினால் காரணங்களைக் கேட்கலாம். அலுவலர் நியாயமான காலத்துக்குள் தந்தாக வேண்டும். அதன் மேல் ஆட்சேபனை கொடுக்கலாம். அந்த ஆட்சேபனையை அலுவலர் காரணம் கூறும் தனி ஆணையால் தீர்த்துவிட்டுத்தான் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த வரிசையில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ரிட்டர்ன் போடாமலேயே காரணம் கேட்பது ஒன்று. "ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகு தரப்படும்" என்று பதில் வரும், அதற்குள் மூன்று மாதம் போய்விடும். முன்பு தாக்கல் செய்த ரிட்டர்னையே இந்த நோட்டீஸுக்குரியதாகக் கொள்ளுங்கள் என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. மின்வழித் தாக்கல் வந்தபின் அதையே மறுபடி ஏற்றி ஒப்புகை எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது, தீர்ப்பில் உள்ள "விரும்பினால்" என்ற சொல். கேட்காதவருக்குக் கொடுக்கும் கடமை அலுவலருக்கு இல்லை. கேட்டும் கடைசிவரை கொடுக்காமல் மதிப்பீட்டை முடித்தால் அந்த மதிப்பீடு செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் விதேஷ் சஞ்சார் நிகம் வழக்கில் சொன்னது. கேட்டதற்கு ஆதாரம் இருந்தால்தானே அந்த வாதம்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். காரணம் கொடுத்தார்கள், ஆட்சேபனையும் கொடுத்தாயிற்று, ஆனால் அதைத் தனி ஆணையால் தீர்க்காமல் அலுவலர் மதிப்பீட்டை முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது சரிசெய்யக்கூடிய நடைமுறைக் குறை, முழு நடவடிக்கையும் அதனால் அழியாது என்று 2018-இல் ஹோம் ஃபைண்டர்ஸ் வழக்கில் தீர்ப்பானது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. ஆனால் இங்கே தொழில் செய்பவர்கள் அதை மறந்து நடைமுறைக் குறையை மட்டுமே நம்பி வழக்கை நிறுத்தக் கூடாது. தாளின் உள்ளடக்கத்தில்தான் வலு தேட வேண்டும்.

3. ஒரு கோப்பை விரித்துப் பார்ப்போம்

பல கோப்புகளிலிருந்து எடுத்து நானே தொகுத்த மாதிரி வழக்கு இது. திருப்பூர்ப் பக்கத்தில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2010 செப்டம்பரில் கொல்கத்தாக் கம்பெனி ஒன்றிடம் 30 லட்சம் ரூபாய் வீதம் இரண்டு காசோலைகளில் 60 லட்சம் கடன் வாங்கியது. வட்டி கொடுத்தது, வட்டியில் வரி பிடித்தது, இரண்டு ஆண்டில் கடனைத் திருப்பியும் கட்டிவிட்டது. 2011-12 மதிப்பீட்டு ஆண்டு ஸ்க்ரூட்டினிக்கு எடுக்கப்பட்டது. கேள்விப் பட்டியலில் கடன்களின் விவரம் கேட்டார்கள். கடன் கொடுத்தவரின் உறுதிக் கடிதம், பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்தார்கள். 2014 மார்ச்சில் 143(3) பிரிவில் ஆணை வந்தது.

நான்கு ஆண்டு கழித்து 2018 மார்ச் 28 தேதியிட்ட நோட்டீஸ். தேதியைக் கவனியுங்கள். அன்றைய சட்டப்படி, தப்பிய வருமானம் ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு ஆண்டுக் கெடு. இந்த ஆண்டுக்கு அது 2018 மார்ச் 31-இல் முடிகிறது. கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் எழுதிய காரணத்தில் அவசரத்தின் தடம் இருக்கும். மார்ச் கடைசி வாரத்து நோட்டீஸ் என்றாலே நான் நகலைக் கூடுதல் கவனத்துடன் படிப்பேன்.

கம்பெனி ஏப்ரலில் ரிட்டர்ன் ஏற்றிக் காரணம் கேட்டது. ஜூலையில் நாலு வரிக் கடிதம் வந்தது: "புலனாய்வுப் பிரிவின் தகவலின்படி நீங்கள் ஒரு போலி நிறுவனத்திடமிருந்து ரூ. 90 லட்சம் கணக்குப் பதிவு பெற்றுள்ளீர்கள். ஆகவே வருமானம் தப்பியுள்ளது." பல ஆடிட்டர்கள் இதையே காரணமாக எடுத்துக்கொண்டு ஆட்சேபனை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். இது காரணத்தின் சுருக்கம். கோப்பில் இருக்கும் காரணம் வேறு தாள்.

அந்தத் தாளுக்கு அச்சடித்த படிவம் உண்டு. பெயர், பான், வட்டம், மதிப்பீட்டு ஆண்டு, தப்பிய வருமானத்தின் அளவு, இது முதல்முறை மதிப்பீடா, இல்லையென்றால் முன்பு மதிப்பிட்ட வருமானம் எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போகும். பிறகு அலுவலரின் காரணம். கடைசியில் அனுமதி தரும் மேலதிகாரியின் குறிப்பும் தேதியும். நம் வழக்கில் நான்கு ஆண்டு கடந்துவிட்டதால் அன்றைய 151-ஆம் பிரிவின்படி முதன்மை ஆணையர் நிலையில் உள்ளவரின் அனுமதி தேவை. இணை ஆணையர் கையெழுத்திட்டிருந்தால் அதோடு வழக்கு முடிந்தது. சுருக்கக் கடிதத்தில் இவற்றில் எதுவும் தெரியாது.

சுருக்கத்துக்கும் அசலுக்கும் இடையே என்ன வேறுபாடு வரலாம் என்பதை டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஹரியானா அக்ரிலிக் தீர்ப்பு காட்டுகிறது. வரி கட்டுபவருக்குக் கொடுத்த காரணம் ஒன்று, நீதிமன்றத்தில் துறை காட்டிய படிவத்தில் இருந்த காரணம் வேறொன்று. கெடு முடிந்தபின் முதன்முறையாகக் காட்டிய காரணத்தை வைத்துத் துறை தப்ப முடியவில்லை. அதே நீதிமன்றம் 2017-இல் சப் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் இதை வழிகாட்டுதலாகவே எழுதியது: சுருக்கத்தை மட்டும் தெரிவித்தால் போதாது, அனுமதிக்கு அனுப்பிய படிவத்தின் நகலையே கொடுக்க வேண்டும், காரணத்தில் வேறு ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால் அதையும் இணைக்க வேண்டும்.

நம் கம்பெனி இரண்டாவது கடிதம் எழுதியது. ஒரு பக்கம்தான், தீர்ப்பு மேற்கோள் ஒன்றே ஒன்று. மூன்றைக் கேட்டது: அனுமதிக் குறிப்போடும் தேதியோடும் படிவத்தின் நகல்; காரணத்தில் சொல்லும் புலனாய்வு அறிக்கையில் தங்களைப் பற்றிய பகுதி, வாக்குமூலம், வங்கிக் கணக்குப் பக்கம்; 2014 மதிப்பீட்டுக் கோப்பின் ஆர்டர் ஷீட், கேள்விப் பட்டியல், தாங்கள் கொடுத்த பதில்கள். மூன்றாவதைக் கேட்கும்போது சிலர் சிரிப்பார்கள், நாம் கொடுத்த பதிலை நாமே கேட்பதா என்று. நாம் கொடுத்தது நம் அலமாரியில் இருக்கிறது. அது துறையின் கோப்பில் ஏறியது என்பதற்கு ஆர்டர் ஷீட்தான் சாட்சி. அலுவலர் காலம் கடத்தினால் தன் சொந்தக் கோப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். விசாரணை நடக்கிறது என்று சொல்லி மறுத்தால், விசாரணை இருப்பது மட்டும் மறுக்கக் காரணமாகாது, தகவல் கொடுத்தால் அது எப்படித் தடைப்படும் என்று காட்ட வேண்டும் என்று 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம். வேறொருவரின் ரிட்டர்ன் இந்த வழியில் கிடைக்காது.

4. மூன்று தாளும் வந்தபின்

ஆகஸ்டில் நகல்கள் வந்தன. முதல்முறை மதிப்பீடா என்ற கட்டத்தில் "ஆம்" என்று இருந்தது. 2014-இல் ஸ்க்ரூட்டினி ஆணை போட்டது அதே வட்டம். ஆக, எழுதியவர் பழைய கோப்பைப் புரட்டவில்லை, அனுமதித்தவரும் கவனிக்கவில்லை.

அடுத்து அந்த 90 லட்சம். கடன் கொடுத்த கம்பெனியின் வங்கிக் கணக்குப் பக்கத்தைப் பார்த்தால் விடை கிடைத்தது. ஒரு காசோலை முதல்முறை திரும்பி, மறுவாரம் மறுபடி போட்டபோது பணமானது. கணக்கில் 30 லட்சம் மூன்று முறை பற்று, ஒருமுறை வரவு. பற்றுகளை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். கேட்கச் சுவையான பிழைதான், ஆனால் இதை ஆட்சேபனையின் தலையில் வைக்கக் கூடாது. நோட்டீஸ் கட்டத்தில் ஆதாரம் போதுமா என்று நீதிமன்றம் எடைபோடாது என்று 1997-இல் ரேமண்ட் வுல்லன் மில்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 90 தவறென்றால் 60 இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு சொல்லும். மனத்தைச் செலுத்தவில்லை என்பதற்குத் துணைச் சான்றாக மட்டும் அது பயன்படும்.

உண்மையான போர் கடன் கொடுத்த கம்பெனி இயக்குநரின் வாக்குமூலத்தில் நடந்தது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

முன்பு 143(3) ஆணை வந்திருந்து நான்கு ஆண்டும் கடந்திருந்தால், தேவையான முக்கிய உண்மைகளை முழுமையாகவும் மெய்யாகவும் சொல்லத் தவறியதால்தான் வருமானம் தப்பியது என்று துறை காட்ட வேண்டும். பழைய 147-ஆம் பிரிவின் முதல் வரம்புரை அது. அடிப்படை உண்மைகளைச் சொல்வதோடு வரி கட்டுபவரின் கடமை முடிந்தது, அவற்றிலிருந்து முடிவெடுப்பது அலுவலர் வேலை என்று 1960-இல் கல்கத்தா டிஸ்கவுண்ட் தீர்ப்பு வரைந்த கோடும் இருக்கிறது. நம் கம்பெனி கடனைச் சொன்னது, ஆவணம் கொடுத்தது. பழைய கோப்பின் ஆர்டர் ஷீட்டில் "கடன் விவரங்கள் பெறப்பட்டன" என்ற வரியும் இருந்தது. படிவத்தில் எழுதிய காரணத்திலோ உண்மைகளைச் சொல்லத் தவறியதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

ஆனால் துறைக்கு வலுவான பதில் உண்டு. 1993-இல் தீர்ப்பான பூல்சந்த் பஜ்ரங்லால் வழக்கும் கொல்கத்தாக் கம்பெனியிடம் வாங்கிய கடனைப் பற்றியதுதான். அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர், கடன் தேதியை உள்ளடக்கிய காலத்தில் தாங்கள் யாருக்கும் கடனே கொடுக்கவில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார். முன்பு சொன்னது பொய் என்று குறிப்பான தகவல் வந்தால், முன்பு சொன்னது மெய்யான தெரிவிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் திறப்பை ஏற்றது. இதற்கு மறுகரையில் 1976-இன் லக்மணி மேவால் தாஸ் தீர்ப்பு நிற்கிறது. அங்கேயும் பெயருக்குக் கடன் கொடுத்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஒப்புதல் இந்தக் கடனைப் பற்றியது, இந்தக் காலத்தைப் பற்றியது என்று காட்ட எதுவுமில்லை. தகவலுக்கும் நம்பிக்கைக்கும் உயிருள்ள தொடர்பு வேண்டும் என்று சொல்லி நோட்டீஸ் ரத்தானதை உறுதிசெய்தது உச்ச நீதிமன்றம்.

ஒரே மாதிரிக் கடன், ஒரே மாதிரி ஒப்புதல், இரண்டு எதிரெதிர் முடிவு. உங்கள் வழக்கு எந்தக் கரையில் என்று காரணத்தின் வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாது, ஏனென்றால் "இயக்குநர் ஒப்புக்கொண்டார்" என்றுதான் இரண்டிலும் எழுதியிருக்கும். எந்த ஆண்டைப் பற்றி ஒப்புக்கொண்டார், யார் பெயரைச் சொன்னார் என்பது வாக்குமூலத்தின் நகலில்தான் இருக்கிறது. நம் மாதிரி வழக்கில் இயக்குநர் 2016-இல் கொடுத்த வாக்குமூலம் 2012 ஏப்ரலுக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளைப் பற்றியது. திருப்பூர்க் கம்பெனியின் பெயரே அதில் வரவில்லை. அது லக்மணி மேவால் தாஸ் பக்கம். ஒருவேளை 2010 செப்டம்பரையும் உள்ளடக்கி அவர் பேசியிருந்தால், வாடிக்கையாளரிடம் ரிட் மனு வேண்டாம், மதிப்பீட்டில் கடனை மெய்ப்பிக்கும் வேலையைப் பாருங்கள், இயக்குநரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பாதகமான நகலும் இப்படிப் பயன்படும்.

ஆட்சேபனையில் வரிசை இப்படி அமைந்தது: முதலில் வரம்புரை, அடுத்து வாக்குமூலத்துக்கும் இந்தக் கடனுக்கும் தொடர்பின்மை, பிறகு படிவத்தின் தவறான கட்டமும் தொகையும். காலக் கணக்கும் முக்கியம். 2018 மார்ச்சில் சேர்ப்பித்த நோட்டீஸுக்கு, அந்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்தில், அதாவது டிசம்பர் 31-க்குள் மதிப்பீடு முடிய வேண்டும். ஆட்சேபனையை நவம்பர் வரை தள்ளியவர்கள், அதை நிராகரித்த ஆணையும் மதிப்பீட்டு ஆணையும் ஒரே வாரத்தில் வரக் கண்டிருக்கிறார்கள். நிராகரித்தபின் நான்கு வாரம் அலுவலர் காத்திருக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஏஷியன் பெயிண்ட்ஸ் வழக்கில் சொன்னது. ஆகஸ்டிலேயே ஆட்சேபனை கொடுத்தால்தான் அந்த நான்கு வாரத்துக்கு இடமிருக்கும்.

முதல் மதிப்பீடு 143(1)-இன் அறிவிப்பாக மட்டும் முடிந்திருந்தால் இந்த வரம்புரை கிடையாது. அறிவிப்பு மதிப்பீடு ஆகாது என்று 2007-இல் ராஜேஷ் ஜவேரி வழக்கில் தீர்ந்துவிட்டது. அப்போது மூன்றாவது தாளுக்கு வேலை குறைவு, இரண்டாவதுதான் எல்லாம்.

5. 2021-க்குப் பிறகு

2021 ஏப்ரல் முதல் 148ஏ பிரிவு வந்தது. எழுதி வைத்துக்கொண்டு கேட்டால் தரும் முறை போய், திறப்பதற்கு முன்பே காரணம் கேட்கும் நோட்டீஸ், பதில், ஆணை என்ற வரிசை வந்தது. பழைய பிரிவிலேயே அதற்குப் பின்னும் அனுப்பப்பட்ட சுமார் 90,000 நோட்டீஸ்களை உச்ச நீதிமன்றம் 2022 மே 4-இல் ஆஷிஷ் அகர்வால் தீர்ப்பில் 148ஏ நோட்டீஸ்களாகவே கொள்ளச் சொன்னது. துறை நம்பும் தகவலையும் ஆவணங்களையும் முப்பது நாளில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வடிவத்தில், வருமானம் தப்பியதாகக் காட்டும் தகவலை நோட்டீஸோடு இணைத்தே அனுப்ப வேண்டும் என்று பிரிவே சொல்கிறது. திறக்கும் கெடுவும் சுருங்கி, 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு மூன்று மாதம், மற்றவற்றுக்கு மூன்று ஆண்டு மூன்று மாதம் என்றானது.

இனி நகல் கேட்கும் வேலை இல்லை என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். நடைமுறை அப்படி இல்லை. "தகவல்" என்று இணைக்கப்படுவது பல நேரங்களில் துறையின் கணினித் தளத்திலிருந்து வந்த ஒரு அட்டவணை: பெயர், தொகை, ஆண்டு, "போலிக் கடன்" என்ற சொல். அதன் பின்னாலிருக்கும் வாக்குமூலமோ வங்கிப் பக்கமோ இருக்காது. பழைய நாலு வரிச் சுருக்கம் புது உடையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். 2022-இலேயே திவ்யா கேப்பிட்டல் ஒன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தகவலுக்கு அடிப்படையான ஆவணத்தையும் தர வேண்டும் என்று சொன்னது.

மாறியது காலம்தான். பழைய முறையில் கேட்கவும் மறுபடி கேட்கவும் மாதக் கணக்கில் இடமிருந்தது. இப்போது நோட்டீஸில் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். ஆகவே முதல் மூன்று நாளிலேயே அடிப்படை ஆவணத்தைக் கேட்டு, அது வந்த நாளிலிருந்து அவகாசம் கேட்டுத் தளத்தில் ஏற்றி, ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணம் வராமல் கெடு நெருங்கினால், கைவசம் இருப்பதை வைத்து ஒரு பதிலை ஏற்றி, எந்த ஆவணம் வரவில்லை என்பதை அதிலேயே எண்ணிட்டு எழுத வேண்டும். பதிலே போகாவிட்டால், அலுவலர் இருக்கும் தகவலை வைத்தே ஆணை போடுவார். பிறகு ஆவணம் தரவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் சொல்லும்போது முதல் கேள்வி, நீங்கள் கேட்டீர்களா என்பதாகத்தான் இருக்கும்.

2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளைத் திறப்பதற்கு 1961 சட்டமே பேசும். எனவே இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் தொழிலுக்கு வந்தபின்னும் சில ஆண்டுகளுக்கு 148ஏ நோட்டீஸ்களும், நிலுவை வழக்குகளில் மார்ச் கடைசி வாரத்துப் பழைய படிவங்களும் அவர்கள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.